அச்சாரமும் கெடுவும்

காஞ்சிபுரம் காந்தி சாலைக் கடைகளில் முகூர்த்தப் புடவைக்குத் தனியாக ஆர்டர் கொடுப்பவரிடம் விலையில் ஒரு பங்கை அச்சாரமாகப் பெற்றுக்கொண்டு, கெடுத் தேதியையும் ரசீதில் எழுதித் தரும் சம்பிரதாயத்தை, வாடிக்கையாளரை நம்பாத வியாபாரியின் தந்திரமென்று குறை கூறுவோர் உண்டு. தறியில் நடப்பதை அறிந்தவர் அவ்விதம் கூறமாட்டார்.

பட்டுப் பாவை ஒரே புடவைக்கென்று போடுவதில்லை. வழக்கமாக மூன்று, நான்கு புடவைகளுக்குச் சேர்த்தே சாயமேற்றித் தறியில் பூட்டுகிறார்கள். ஆகவே, பெண் வீட்டார் கேட்ட அரக்கு நிறத்தில் பாவுநூல் தோய்ந்ததுமே, ஒரு புடவைக்கு வந்த ஆர்டர் மற்றப் புடவைகளின் நிறத்தையும் நிர்ணயித்துவிடுகிறது. ஊடையை மாற்றி வேறு சாயல் காட்டலாம் என்பது மெய்யே. ஆயினும் பாவின் அரக்கு உள்ளே ஓடிக்கொண்டுதானிருக்கும். இந்நிலையில் வாடிக்கையாளர் மனம் மாறினால் நேரும் நஷ்டத்துக்கு அச்சாரம் ஒன்றே காப்பு.

ஆனால் அதன் அளவை நிர்ணயிக்கும் முறையில் குறை இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்ப் புடவைக்குப் பத்தாயிரம் அச்சாரம் என்று வைத்துக்கொள்வோம். யாவரும் விரும்பும் நிறத்தில் சாதாரணக் கோர்வைப் புடவையாயின், ஆர்டர் ரத்தானாலும் அது அலமாரிக்குப் போய் இன்னொருவருக்கு விற்றுவிடும். முதல் சில காலம் முடங்குவதே நஷ்டம். முந்தியில் மணமக்கள் பெயரை நெய்த புடவையையோ வேறொருவர் வாங்கார். அதற்குப் பத்தாயிரம் போதாது. இவ்விரண்டுக்கும் ஒரே விகிதம் வசூலிப்பது உசிதமன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான நஷ்ட ஈட்டையே அனுமதிக்கிறது. தொகையை எழுதிவைத்துவிட்டதனாலேயே முழுவதும் கிடைத்துவிடாது.

கெடுவின் குறை இதனினும் பெரிது. தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் ஆர்டர் வாங்குபவர், பிள்ளையார்பாளையத் தெருவில் விடியலில் பாவை விரித்துக் கஞ்சி போடும் வேலையை அடைமழை நாள்கணக்கில் நிறுத்திவிடும் என்பதையும், குழித்தறியில் ஈரம் ஏறும் என்பதையும், கோர்வைக்குக் கூட நாடா போடும் துணையாள் வராத நாளில் தறி ஓடாதென்பதையும் அறிந்தே இருக்கிறார். அறிந்தும், முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகத் தேதி எழுதிவிடுகிறார். ரவிக்கை தைக்கவே அந்த அவகாசம் போதாது. வாடிக்கையாளர் பின்வாங்கினால் அச்சாரம் போயிற்று என்று அச்சடித்திருக்கும் ரசீதில், கடைக்காரர் தவறினால் என்ன தருவார் என்று ஒரு வரியும் நான் கண்டதில்லை.

நெசவாளியின் பங்கோ இவ்விருவர் பேரத்தில் இடம்பெறுவதே அரிது. புடவை முடிந்தால்தான் கூலி என்றிருப்பவருக்கு, நடுவில் ஆர்டர் ரத்தாகித் தறி நின்றால், கடையில் தங்கிய அச்சாரத்தால் பயனில்லை. ஆதலால் வழக்கம் நியாயமானது, ரசீது அநியாயமானது என்பதே என் தீர்ப்பு. பாவு சாயமேறும் முன், ஏறிய பின், நெசவு தொடங்கிய பின் என்று மூன்று நிலைகளுக்கும் தனித்தனித் தொகை எழுதி, கெடு தவறினால் கடை தள்ளித்தரும் தொகையையும், தறி நின்றால் நெசவாளிக்குச் சேரும் கூலியையும் அதே தாளில் கடைக்காரர்கள் குறிக்க வேண்டும்.