சிரிப்பு எந்த இடத்தில் வெட்டப்பட்டது?

எங்கள் வாசிப்புக் குழுவில் அண்மையில் ஒரு கதை வாசிக்கப்பட்டது. இன்னும் எங்கும் வெளிவராத கதை. எழுதியவர் கேமரன் மலைக்காரர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கதையைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க, பேரு மட்டும் வேணாம் என்றார். குழுவில் பலருக்குக் கதை பிடித்திருந்தது, ஒருவர் கண் கலங்கினார். எனக்குக் கதையின் பாதி பிடித்தது, மறு பாதியோடு சண்டை. இரண்டையும் சொல்கிறேன்.

ரிங்லெட்டுக்குக் கீழே தோட்டத்துச் சாலை முனையில் ஒரு மளிகைக்கடை. கடைக்காரருக்குக் கதை முழுக்கப் பெயர் இல்லை, எல்லாருக்கும் அவர் 'கடைக்காரண்ணே'. ஒருகாலத்தில் லயத்துக் குடும்பங்கள் பற்று எழுதிச் சாமான் வாங்கிய கடை. இப்போது தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணத்துக்கு இறங்கிவிட்டன. வாங்க வருகிறவர்கள் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள், அப்புறம் வார இறுதியில் வழிதவறி வரும் சுற்றுப்பயணிகள். அப்படி வந்த ஓர் இளைஞர் கூட்டம் கைப்பேசியை நீட்டி, நல்ல தேயிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்கிறது. அண்ணனுக்கு உற்சாகம். ஒரு பிடி தேயிலையை உள்ளங்கையில் வைத்து, வாயால் வெதுவெதுப்பாக ஊதி, உடனே மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து காட்டுகிறார். தேயிலை ருசி பார்க்கிறவர்கள் உண்மையாகவே இப்படிச் செய்வார்கள். மூச்சின் சூடும் ஈரமும் பட்டால் காய்ந்த இலைக்குள் அடங்கியிருக்கும் வாசம் மேலே வரும். கண்ணை மூடியபடி சில நொடிகள் பேசாமல் நிற்கிறார். பிறகு தூள் மூக்கில் ஏறித் தும்முகிறார். எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார்.

சில நாளில் காணொளி எங்கும் பரவுகிறது. அவருக்குப் பெருமை. ஒரு மாதம் கழித்துத்தான் மருமகன் கைப்பேசியில் முழுதாகப் பார்க்கிறார். நான்கு நிமிடப் பேச்சு அரை நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது. கேள்வி மாறியிருக்கிறது. "உங்க கடையில ஏன் இவ்ளோ விலை?" என்று யாரோ கேட்பதுபோல் குரல் சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவருடைய மூடிய கண், நீண்ட மௌனம், பிறகு தும்மல். தும்மல் மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் முகம் இன்னும் கிட்டே. கீழே அவருடைய மலாய் உச்சரிப்பை அப்படியே கொச்சையாக எழுத்துப்பெயர்த்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

நான் பொறியாளன். ஒரு பொருள் கெட்டுப்போனால் எந்த இடத்தில் கெட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் இந்த அரை நிமிடத்தையும் பிரித்துப் பார்த்தேன். முகம் அவருடையது, மௌனம் அவருடையது, தும்மலும் அவருடையது. உச்சரிப்புகூட அவர் சொன்னதுதான். பொய் என்று கை வைத்துக் காட்டக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று, அந்தக் கேள்வி. அது அவர் வாயிலிருந்து வந்ததல்ல. மற்றதெல்லாம் நிஜம், வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

சினிமா படித்தவர்களுக்கு இது பழைய பாடம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார் என்பார்கள். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகத்துக்கு முன்னால் எதை வைக்கிறோமோ அதுதான் முகத்தின் அர்த்தம். கடைக்காரண்ணனின் மூடிய கண்ணுக்கு முன்னால் தேயிலை வாசம் இருந்தபோது அது ஞானம். விலை பற்றிய கேள்வி வந்து உட்கார்ந்ததும் அதுவே திருட்டு முழி.

கதையாசிரியர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கண்டுபிடிக்கும் காட்சியில் அண்ணன் கத்துவதில்லை. மருமகனிடம் ஒன்றுதான் சொல்கிறார்: "நான் இப்படிச் செய்யலன்னு சொல்ல முடியாதேப்பா. செஞ்சேன்ல." கதையின் மிகச் சிறந்த வரி இது. பொய் சொல்லி அவமானப்படுத்தினால் மறுக்கலாம். நம்முடைய நிஜத்தையே எடுத்து அவமானமாக அடுக்கிவைத்தால் எதை மறுப்பது?

அதற்கு முன்னால் இன்னொரு நல்ல காட்சி. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் கைப்பேசியோடு ஓடிவந்து, 'அண்ணே, நீங்க பேமஸ்' என்று காட்டுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, அந்தப் பின்குரல் புரியவில்லை. தெரிந்த முகம் திரையில் வந்துவிட்ட சந்தோஷம் மட்டும். அந்தக் காணொளியை ஏளனமில்லாமல் பார்த்த ஒரே ஆள், அதன் மொழி புரியாதவர். ஆசிரியர் இதை விளக்காமல் விட்டிருக்கிறார். நன்றி.

இனி சண்டை.

கதை நடந்த வரிசையிலேயே சொல்லப்படுகிறது. முதலில் கடைக்குள் நடந்த நிஜம், பிறகு புகழ், பிறகு கண்டுபிடிப்பு. இதனால் வாசகனுக்கு அண்ணனைவிட முன்பே எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் பெருமைப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் நாம் 'ஐயோ பாவம்' என்கிறோம். இந்த 'ஐயோ பாவம்' ரொம்பச் சௌகரியமான இருக்கை. நாம் சிரிக்கவில்லை, சிரித்தது யாரோ பட்டணத்துப் பையன்கள். உண்மையில் நடப்பது அப்படியா? அந்தக் காணொளி என் புலனத்துக்கு வந்திருந்தால் நான் சிரித்திருப்பேன், இருவருக்கு அனுப்பியும் இருப்பேன். கதை அந்த என்னைத் தொடவே இல்லை.

இங்கே அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' நினைவுக்கு வருகிறது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அவர். படப்பிடிப்பு நிறுவனத்துக்கு வாய்ப்புக் கேட்டு வரும் காதர் என்ற எளிய மனிதர், புலி முகமூடியை மாட்டிக்கொண்டதும் அறையே நடுங்கும்படி புலியாகிறார். முகமூடியைக் கழற்றியதும் மறுபடி ஏழை. பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று கடிதம் போட்டால் அது திரும்பி வந்துவிடுகிறது. இந்தக் கதையைச் சொல்வது காதர் அல்ல, அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர். முதலில் அலட்சியம், பிறகு பிரமிப்பு, கடைசியில் ஒன்றும் செய்ய முடியாத கனம். மூன்றையும் வாசகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடக்கிறான். யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. பார்த்தவர்கள் பக்கத்தில் நம்மை உட்காரவைத்ததே போதுமாக இருக்கிறது.

நம் கதையிலும் அந்த அரை நிமிடத்தை முதல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் கைப்பேசியில் பார்க்கிறார். கேள்வி, மௌனம், தும்மல், தும்மல், தும்மல். வாசகன் சிரிக்கட்டும். அதன் பிறகு நான்கு நிமிடம் விரியட்டும். ஊதிய மூச்சும் இலையின் வாசமும் அப்புறம் வரட்டும். அப்போது முதல் பக்கத்துச் சிரிப்பு வாசகனின் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும், துடைக்க இடம் இருக்காது.

இரண்டாவது சண்டை முடிவோடு. மகன் கோலாலம்பூரிலிருந்து வருகிறான். மனிதாபிமானம், சமூக ஊடகம், இளைஞர்களின் சீரழிவு என்று ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். அண்ணன் கடைக் கதவை இழுத்து மூடுகிறார். முற்றும். இந்தப் பேச்சுக்கு நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: அந்த மாதம் தேயிலைத் தூள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விற்றது. ஆசிரியர் அதைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அந்த இடத்தில் கால் நகரவில்லை.

யார் வாங்கினார்கள்? காணொளியைப் பார்த்துத் தேடி வந்தவர்கள்தானே. வந்தவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போயிருப்பார்களா? 'அண்ணே, ஒரு தடவ தும்முங்களேன்' என்று கேட்டிருப்பார்கள். அண்ணன் என்ன செய்திருப்பார்? கதை அங்கேதான் இருக்கிறது.

இது கற்பனையில் மட்டும் எழும் கேள்வி இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடியில் மரச்சாமான் தொழில் செய்த ஜி.பி. முத்துவை எடுத்துக்கொள்வோம். டிக்டாக்கில் அவரைப் பார்த்தவர்களில் பலர் கேலிக்காகவே பார்த்தார்கள். அவருடைய வசவுகளை மட்டும் வெட்டி எடுத்து மீம் போட்டார்கள். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடையானதும் யூடியூப்புக்கு வந்தார். அவரைச் சீண்டுவதற்கென்றே ஆட்கள் கடிதமும் பொட்டலமும் அனுப்பினார்கள். அவர் செய்தது என்ன? கேமரா முன்னால் உட்கார்ந்து அந்தக் கடிதங்களைத் தானே பிரித்து, உரக்க வாசித்து, அனுப்பியவனைத் திட்டினார். கேலி அவர் வீட்டு வாசலுக்கு வந்து அவருடைய நிகழ்ச்சியாகிவிட்டது. வெட்டுகிற கத்திரி கைமாறியது. 2022-இல் பிக் பாஸ் வீட்டுக்குள் போனவர், மகனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று இரண்டு வாரங்களில் தானாகவே வெளியே வந்தார். அது வெற்றியா, விலையா என்று என்னால் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. முடியாததால்தான் அது கதைக்கு உகந்தது. கடைக்காரண்ணனும் தும்மிக் காட்டி விற்கலாம், தும்ம மறுத்து விற்பனையை இழக்கலாம், அல்லது முதல் ஆளுக்குத் தும்மிவிட்டு இரண்டாவது ஆளுக்கு முடியாமல் போகலாம். கதவை மூடுவது இவற்றில் எதையும் பார்க்காமல் தப்பிப்பது.

'அவரு மனசு உடைஞ்சிட்டாரு, அத எழுதக் கூடாதா?' என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் எஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு இணையத்தில் ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி இறந்துபோனதை இந்த நாட்டில் தமிழ் வாசிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டோம். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அதன் பிறகு எழுந்த கோபத்தில்தான் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கென்று புதிய பிரிவுகள் வந்தன, 2025 ஜூலையில் நடைமுறைக்கும் வந்தன. ஆக, மனம் உடைவது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்குக் குற்றவாளி ஒருவர் வேண்டும், பெயரும் திகதியும் வேண்டும். கதைக்கு அது கட்டாயமில்லை. வெட்டியவன் ஒருவன், பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஆயிரத்தில் ஒவ்வொருவரும் ஒரு நொடி சிரித்தார்கள், அவ்வளவுதான். எந்தச் சட்டமும் எட்டாத அந்த ஒரு நொடிக்குள் கதையால் போக முடியும். மகனின் சொற்பொழிவு நம்மை அதற்குள் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நம் மலேசியத் தமிழில் இதற்குப் 'பகடிவதை' என்று ஒரு சொல் புழங்குகிறது. பகடி முன்னால், வதை பின்னால். கதையும் அந்த வரிசையில் இருந்தால் போதும். இப்போது அது வதையை முதலில் காட்டிவிட்டு, பகடியில் நமக்குப் பங்கில்லை என்று சொல்கிறது.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, 'அந்த மகன எடுத்துட்டா கடைசிப் பக்கத்துல என்னங்க இருக்கும்?' என்றார். கடைக்காரண்ணன் இருப்பார், எதிரே கைப்பேசியோடு ஒரு வாடிக்கையாளர் இருப்பார், நடுவில் ஒரு பிடி தேயிலை இருக்கும் என்றேன். அவர் எழுதித் திருத்திய பிறகு மறுபடி வாசிக்கக் காத்திருக்கிறேன்.