பில்லில் எழுதினால் வரி ஆகிவிடுமா?

சரக்கு விற்பனைக்கான டிசிஎஸ் 2020 அக்டோபர் 1-ல் வந்து, 2025 ஏப்ரல் 1 முதல் இல்லாமல் போனது. வருமான வரிச் சட்டத்தின் 206சி(1எச்) பிரிவு. முந்தைய ஆண்டில் 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தவர், ஒரே வாங்குபவரிடமிருந்து ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் வரும் தொகைக்கு 0.1 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டியிருந்தது. சின்னத் தொகைதான். குழப்பம் மட்டும் பெரிசு.

காரணம், வரி பிறந்தது பில் போடும்போது இல்லை, பணம் வரும்போது. ஆனா பலரும் அதை பில்லிலேயே சேர்த்துப் போட்டார்கள். தோல் வியாபாரத்தில் மூணு மாசக் கடன் சகஜம், அதனால இந்த இடைவெளி சும்மா போகாது.

ஒரு கற்பனைக் கணக்கு. ராணிப்பேட்டை டேனரி ஒன்று, அரக்கோணத்தில் இருக்கும் சின்ன ஷூ யூனிட்டுக்குத் தோல் விற்கிறது. 2024 டிசம்பருக்குள்ளேயே அந்த யூனிட் 50 லட்சம் கொடுத்தாச்சு. 2025 ஜனவரி 10-ல் ஜிஎஸ்டி உட்பட 12 லட்சத்துக்கு பில். டிசிஎஸ் 1,200. மொத்தம் 12,01,200. கணக்காளர் அந்த 1,200-ஐ அன்றே 'கட்டவேண்டிய டிசிஎஸ்' என்ற பொறுப்புக் கணக்கில் வரவு வைக்கிறார்.

யூனிட் பிப்ரவரியில் பணம் கொடுத்திருந்தா சிக்கல் இல்லை. 1,200 அரசாங்கத்துப் பணம், மார்ச் 7-க்குள் கட்டணும். கொடுத்தது ஏப்ரல் 12 என்றால்? பிரிவே அப்போ கிடையாது. பிரிவு இருந்திருந்தாலும் புது நிதியாண்டு, 50 லட்சம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆக மூணு மாசமா வரி பாக்கின்னு ஏட்டில் நின்ற தொகை வரியே இல்லை. யூனிட்டுக்கு கிரெடிட் நோட் போட்டுத் திருப்பித் தரவேண்டிய காசு.

எதிர்ப்பக்கத் தப்பு இதைவிட மோசம். பிப்ரவரியில் வந்த 1,200 நடப்புக் கணக்கில் கலந்து, பச்சைத் தோல் வாங்கப் போய்விடும். ஏட்டில் இரண்டு 1,200-ம் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மார்ச் 31 அன்று அந்தக் கணக்கில் நிற்கும் தொகையில், இன்னும் வசூலாகாத பில்களின் டிசிஎஸ்ஸைக் கழியுங்கள். மீதி மார்ச்சில் வசூலான பணத்துக்குரியதாக மட்டும் இருக்கணும். அதைவிடக் கூடுதலா இருந்தா, முன்மாத வசூல் கட்டப்படாமல் கிடக்கு. அந்தக் காலத்துக்கு, 2025 மார்ச் வரை, மாதம் 1 சதவீத வட்டி. வசூலித்துக் கட்டாதவருக்கு 276பிபி பிரிவில் சிறைத் தண்டனையும் இருந்தது.

சட்டம் எழுதியவர்களைத்தான் குறை சொல்லணும். அதே 206சி-யில் ஸ்கிராப் விற்பனைக்கு 'கணக்கில் பற்று வைக்கும்போது அல்லது பணம் வரும்போது, எது முந்தியதோ' என்றுதான் பொதுவான விதி இருந்தது. அங்கே பில்லும் பொறுப்பும் ஒரே நாளில் பிறந்தன. 1எச்-சுக்கு அதை விட்டுவிட்டு வரவை மட்டும் பிடித்தது வாராக்கடனுக்கு வரி கட்டாமல் விற்றவரைக் காப்பாற்றியது, அது நல்லதுதான். ஆனா மொத்தமா 'ஆன் அக்கவுண்ட்' என்று வரும் பணத்தை பில் வாரியாகப் பிரித்து உட்காரும் வேலை சின்ன டேனரியின் ஒற்றைக் கணக்காளர் தலையில் விழுந்தது. பணம் வரும்வரை 'வசூலாகாத டிசிஎஸ்' என்று தனிக் கணக்கு வைத்தவர்கள் மட்டும் 2025 ஏப்ரலில் ஒரே பதிவில் முடித்துக்கொண்டார்கள்.