பழுப்புத் தாளில் விழும் தூறல்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் என்றொரு பாடம் வரும். அதன் நடுவே ஒரு சின்னச் சமன்பாடு இருக்கும்: f(x) = F′(x). நிகழ்தகவு அடர்த்திச் சார்பு என்பது குவிவுப் பரவல் சார்பின் வகைக்கெழு. மாணவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். F கொடுத்தால் வகையிடு, f கொடுத்தால் தொகையிடு, ஐந்து மதிப்பெண் வாங்கு. இந்த வரியை ரசிக்க வேண்டுமானால் விடைத்தாளை விட்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மேகம் கறுத்திருக்கும் மாலையாக இருந்தால் நல்லது.

நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் 10 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தை வெட்டி, திறந்த வெளியில் தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். முதல் தூறல் விழும்போது ஒவ்வொரு துளியும் தாளில் கரும்புள்ளியாகத் தெரியும். சுமார் நூறு புள்ளிகள் விழுந்ததும் தாளை எடுத்துவிடலாம். தாமதித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து சோதனையே போய்விடும். இனி ஒவ்வொரு புள்ளியும் வட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலால் அளக்கலாம். இந்தத் தூரத்துக்கு r என்று பெயர். அந்தச் சமன்பாட்டை ரசிக்க இதற்குமேல் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது F. அது கேட்கும் கேள்வி மிக எளிது: மையத்திலிருந்து r தூரத்துக்குள் ஒரு துளி விழும் வாய்ப்பு எவ்வளவு? மழைக்குத் தாளின் எந்த மூலையின் மீதும் தனிப் பாசம் கிடையாது. எனவே வாய்ப்பு பரப்பின் விகிதமே. உள்வட்டத்தின் பரப்பை முழுவட்டத்தின் பரப்பால் வகுத்தால் π அடிபட்டு, F(r) = r²/100 என்று கிடைக்கும். பாதி ஆரத்துக்குள், அதாவது 5 செ.மீ.க்குள், விழும் வாய்ப்பு பாதி அல்ல, கால்தான். 10 செ.மீ.யில் F ஒன்றைத் தொடும். அதற்கப்பால் சேர்க்க ஒன்றுமில்லை, வளைவு படுத்துவிடும்.

F-இன் குணம் கஞ்சனின் உண்டியலைப் போன்றது. உள்ளே போனது வெளியே வராது, எனவே வளைவு ஒருபோதும் இறங்காது. அதன் உயரம் எங்கே பார்த்தாலும் அசல் நிகழ்தகவு. 0.5 உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டால் அது வளைவை 7.07 செ.மீ.யில் வெட்டும். பாதித் துளிகள் அதற்கு உள்ளே, பாதி வெளியே. இடைநிலை அளவைக் காண இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் F ஒன்றை மறைத்து வைக்கும். துளிகள் எந்தத் தூரத்தில் நெருங்கி விழுகின்றன என்று கேட்டால், உயரத்தைப் பார்த்து உடனே சொல்ல முடியாது. எங்கே வளைவு வேகமாக ஏறுகிறதோ அங்கேதான் நெரிசல். ஆகவே சாய்வைப் பார்க்க வேண்டும்.

6 செ.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். 6-க்கும் 7-க்கும் இடையில் ஒரு வளையம். அதில் ஒரு துளி விழும் வாய்ப்பு F(7) − F(6) = 0.49 − 0.36 = 0.13. வளையத்தின் அகலம் 1 செ.மீ., எனவே ஒரு செ.மீ.க்கு 0.13. வளையத்தை ஒடுக்கி 6-லிருந்து 6.1 வரை மட்டும் பார்த்தால் வாய்ப்பு 0.0121, அகலமான 0.1-ஆல் வகுத்தால் 0.121. இன்னும் ஒடுக்கி 6.01 வரை வந்தால் 0.1201. வாய்ப்பு சுருங்கிச் சுருங்கிச் சுழியத்தை நோக்கி ஓடுகிறது. வாய்ப்பை அகலத்தால் வகுத்த ஈவோ 0.12 என்ற இடத்தில் போய் நிற்கிறது. அந்த 0.12-தான் f(6). r²/100-ஐ வகையிட்டால் f(r) = r/50; அதில் 6-ஐப் போட்டாலும் அதே விடை. ஃபார்முலாவைப் போட்டு ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் 0.13, 0.121, 0.1201 என்று படிப்படியாக இறங்கிப் பார்த்தவருக்குத்தான் வகைக்கெழு என்ன செய்கிறது என்பது தெரியும்.

இங்கே இன்னொரு அழகும் ஒளிந்திருக்கிறது. வட்டத்தின் பரப்பான πr²-ஐ வகையிட்டால் 2πr வரும். அது வட்டத்தின் சுற்றளவு. நம் f(r)-ஐ விரித்து எழுதினால் 2πr/100π, அதாவது r தூரத்தில் வரையப்படும் வட்டத்தின் சுற்றளவை முழுப் பரப்பால் வகுத்தது. வெளியே போகப் போக வளையம் நீள்கிறது, நீண்ட வளையம் அதிகத் துளிகளை வாங்குகிறது. அடர்த்தி ஏன் நேர்கோடாக ஏறுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இப்போது எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கும் இடத்துக்கு வருவோம். f(6) = 0.12 என்றால் 6 செ.மீ.யில் விழும் நிகழ்தகவு 12 விழுக்காடா? இல்லை. மிகச் சரியாக 6 செ.மீ.யில் விழும் நிகழ்தகவு சுழியம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். அதைக் கேட்டுவிட்டு யாரும் ஒரு புள்ளியில் 555 பேர் நிற்பதாக நினைப்பதில்லை. பரப்பால் பெருக்கினால்தான் ஆட்கள் வருவார்கள். அதேபோல f-ஐ அகலத்தால் பெருக்கினால்தான் நிகழ்தகவு வரும். 0.12 என்பது வெறும் எண் அல்ல, ‘ஒரு செ.மீ.க்கு 0.12’. அலகு அதன் உடம்போடு ஒட்டியது.

அலகை மறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, செ.மீ.யை விட்டு மீட்டரில் அளந்தால் போதும். தாளின் விளிம்பில் f(10) = 0.2, அதாவது ஒரு செ.மீ.க்கு 0.2. மீட்டரில் சொன்னால் ஒரு மீட்டருக்கு 20. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டலாமா என்று பதற வேண்டாம். தாண்டியது அடர்த்திதான், நிகழ்தகவு அல்ல. தாளின் ஆரம் 0.1 மீட்டர்தான். f வரையும் முக்கோணத்தின் அடி 0.1, உயரம் 20. பரப்பு ½ × 0.1 × 20 = 1. செ.மீ.யிலும் அதே முக்கோணம்தான்: ½ × 10 × 0.2 = 1. ஒரு விடைத்தாளில் f ஒன்றைத் தாண்டியதற்காகச் சிவப்பு மையால் அடிப்பது தவறு. f எதிர்மறையாகப் போனாலோ மொத்தப் பரப்பு ஒன்றாக இல்லாவிட்டாலோ தாராளமாக அடிக்கலாம்.

அடுத்து, கொஞ்சம் நிதானமாகச் சுவைக்க வேண்டிய முரண். மையத்தில் f(0) = 0. அப்படியானால் மழை மையத்தைத் தவிர்க்கிறதா? தாளைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியாது. ஒரு சதுர செ.மீ.க்கு எங்கும் ஒரே நெரிசல்தான். இரண்டும் உண்மை. சதுர செ.மீ. கணக்கில் அடர்த்தி எங்கும் சுமார் 1/314. தூரத்தின் கணக்கில் மையத்தில் அது சுழியம், ஏனென்றால் மையத்தைச் சுற்றிய வளையத்துக்கு நீளமே இல்லை. தூரத்துக்குப் பதிலாக அதன் வர்க்கத்தைக் குறித்து வைத்தால், F நேர்கோடாகிவிடும், அடர்த்தி சமதரையாகிவிடும். எதை அளந்தோம் என்று சொல்லாமல் “எங்கே அடர்த்தி அதிகம்?” என்று கேட்பது அரைக் கேள்விதான்.

சரி, மாடியிலிருந்து கொண்டுவந்த தாளைக் கையில் எடுப்போம். நூறு துளிகளின் தூரங்களை ஏறுவரிசையில் வைத்து F வரைந்தால் வழவழப்பான வளைவு வராது. ஒவ்வொரு துளியிலும் 1/100 குதிக்கும் படிக்கட்டு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் r²/100-ஐ அது நன்றாகவே ஒத்திருக்கும். ஆனால் அதை அப்படியே வகையிட்டால் அபத்தம்தான்: படியின் தட்டில் சாய்வு சுழியம், குதிக்கும் இடத்தில் சாய்வே கிடையாது. தரவிலிருந்து அடர்த்தியைப் பார்க்க, வளையத்தை ஓரளவுக்கு மேல் ஒடுக்கக் கூடாது என்பது இதனால்தான். நிகழ்வெண் செவ்வகப்படம் செய்வதும் இந்தச் சமரசத்தைத்தான்.

2 செ.மீ. அகலத்தில் ஐந்து வளையங்கள் போடலாம். F-ஐக் கொண்டு கழித்தால் எதிர்பார்க்க வேண்டியவை 4, 12, 20, 28, 36 துளிகள். நான்கால் வகுத்தால் 1, 3, 5, 7, 9. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன! கலிலியோ கண்ட வரிசையும் இதுதான். தானாக விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் கூடுகின்றன என்று 1638-இல் வெளியான நூலில் அவர் விளக்கினார். அங்கே கடந்த தூரம் காலத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, வேகம் அதன் வகைக்கெழு. இங்கே குவிவு தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, அடர்த்தி அதன் வகைக்கெழு. தானாக விழும் பொருளின் விழுதலும் மழைத்துளி விழுந்த இடமும் ஒரே வாய்ப்பாட்டில் மாட்டிக்கொள்வது வெறும் தற்செயல்தான், ஆனாலும் இனிமையான தற்செயல்.

எண்ணிப் பார்த்தால் 4, 12, 20 என்று அச்சடித்தாற்போல் வராது. கடைசி வளையத்தில் 36-க்குப் பதில் 31 வந்தாலும் 41 வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. நூறு துளிகளில் அந்த அளவு ஊசலாட்டம் சாதாரணம். 15 வந்தால்தான் யோசிக்க வேண்டும். மேலே மரக்கிளையோ சன்ஷேடோ இருந்து ஒரே இடத்தில் சொட்டியிருக்கலாம். தாள் சுவரை ஒட்டி இருந்து, காற்றில் சாய்ந்த தூறலைச் சுவர் ஒரு பக்கத்தில் மறைத்திருக்கலாம். அப்போது r²/100 என்ற F-ஏ பொருந்தாது, அதிலிருந்து வகையிட்டு எடுத்த f-உம் பொருந்தாது.

சில F-களுக்கு அடர்த்தியே முழுமையாகக் கிடைக்காது. அதற்கும் மழையே உதாரணம். இப்போது துளியின் இடத்தை விட்டு, ஒரு நாளில் பெய்த மழையின் அளவை மி.மீ.யில் எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ஆண்டுக்கு 300 நாள் மழையே இல்லை என்று வைத்துக்கொண்டால், சுழியம் மி.மீ.க்கு மட்டுமே 300/365, சுமார் 0.82 நிகழ்தகவு. F சுழியத்தில் தரையிலிருந்து ஒரே தாவலில் 0.82-க்கு ஏறிவிடும். அந்தத் தாவலுக்குச் சாய்வு கிடையாது. இடைவெளியை எவ்வளவு ஒடுக்கினாலும் ஈவு எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். தாவலுக்கு வலப்புறம் வளைவு மெதுவாக ஏறும் பகுதிக்கு மட்டும் அடர்த்தி உண்டு. அந்த அடர்த்தியின் கீழ் உள்ள பரப்பை அளந்தால் ஒன்று வராது, 0.18-தான் வரும். மீதி 0.82 அந்த ஒற்றைத் தாவலில், மழையில்லாத நாட்களில் இருக்கிறது.