சமயக்கணக்கர் பட்டியல் குடிக்கணக்கு ஆகுமா? மணிமேகலை 27ஆம் காதையைச் சான்றாகக் கொள்வதன் எல்லைகள்

பண்டைத் தமிழகத்தின் சமயப் பன்மையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யை எடுத்துக்காட்டுவர். வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி ஆகிய பதின்மரிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ‘இப்பத்துச் சமயங்களும் அக்காலத் தமிழ் நகரங்களில் அருகருகே வாழ்ந்தன’ என்பது இக்காதையிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் முடிவு. அம்முடிவு எந்த அளவிற்குச் செல்லும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோக்கத்தக்கது, வாதிகளுக்கு அளிக்கப்பட்டுள்ள இடம். அளவைவாதியின் கூற்று எண்பது அடிகளை ஒட்டி நீள்கிறது. வைணவவாதிக்கோ இரண்டே அடிகள். அடியவர் தொகையையோ கோயில்களின் பெருக்கத்தையோ கொண்டு இவ்விகிதத்தை விளக்க இயலாது. அளவைவாதி வேதவியாதன், கிருதகோடி, சைமினி என்னும் ஆசிரியர்களைச் சுட்டி, அவர்கள் முறையே பத்து, எட்டு, ஆறு எனக் கொண்ட அளவைகளை எடுத்துரைக்கிறான். ஒரு நகரத்து மக்களின் வழிபாட்டைக் கண்டு எழுதிய செய்தி அன்று இது. வடமொழித் தருக்க நூற்கல்வியின் சுருக்கம். 29ஆம் காதையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவையியலுக்கு இங்கே முன்னுரை அமைகிறது. ஒரு சமயத்திற்குக் கிடைக்கும் இடத்தை வாதத்தின் தேவையே முடிவு செய்கிறது. இக்காதையின் இறுதியில், பதின்மர் பேசிய பின்னும், அவள் அறிந்தவை ஐவகைச் சமயங்கள் என்று தொகுத்துச் சொல்லப்படுவதும் கருதத்தக்கது. எண்ணிக்கை இங்கே வகைப்பாட்டிற்கு உரியது; நேரில் கண்டு எண்ணியதற்கு உரியதன்று.

இதனை உறுதிப்படுத்தச் சமணக் காப்பியமாகிய நீலகேசி உதவுகிறது. அதன் பத்துச் சருக்கங்களுள் தருமவுரை நீங்கலாக எஞ்சிய ஒன்பதும் வாதங்களே. அவற்றுள் குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தன் ஆகியோரை வெல்லும் நான்கு வாதங்கள் பௌத்தத்தை மறுப்பவை. ஏனைய ஐந்தும் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் என்பன. இவை ஐந்தும் மணிமேகலைப் பட்டியலிலும் இடம்பெறுபவை. சைவத்திற்கோ வைணவத்திற்கோ தனி வாதம் இல்லை. நீலகேசியைத் தேவாரத்திற்குப் பிற்பட்டதாகவே ஆய்வாளர் பலரும் கொள்வர். சைவ, வைணவ இயக்கங்கள் ஓங்கி நின்ற காலத்தில் எழுந்த நூலொன்று அவ்விரண்டையும் தனியே எதிர்கொள்ளவில்லை. இதனைக் கொண்டு அக்காலத்தில் சைவர் இலர் என்று எவரும் முடிவு கட்டமாட்டார். அங்ஙனமாயின், ஒரு சமயம் பட்டியலில் உள்ளது என்பதை மட்டுமே கொண்டு அதனைப் பின்பற்றுவோர் பலர் அவ்வூரில் வாழ்ந்தனர் என்று கொள்வதும் பொருந்தாது. பௌத்தத்திற்கு நான்கு வாதங்கள் கிடைத்தமைக்குக் காரணம், நீலகேசி குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்ததே. அம்மறுப்பும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையும் இல்லையேல், சில பாடல்களே எஞ்சியுள்ள குண்டலகேசியின் கருத்துப் போக்கை நாம் அறிய வழியில்லை. பௌத்த நூலொன்றைச் சமண எதிரியின் வாயிலாகவே காண்கிறோம் என்பது இத்துறைச் சான்றுகளின் இயல்பை நன்கு காட்டும்.

அவ்வாறாயின் காப்பியங்கள் வரலாற்றுச் சான்றாகா எனத் தள்ளுவதும் சரியன்று. பட்டியலையும் கதைப்போக்கில் இடையே வந்து விழும் செய்திகளையும் பிரித்து நோக்குதல் வேண்டும். மணிமேகலையின் 3ஆம் காதையில், புகார் வீதியில் செல்லும் ஆடையற்ற சமணத் துறவி ஒருவரைக் கள்ளுண்டவன் வழிமறித்துக் கேலி செய்கிறான். துறவியின் தோற்றமும் அவர் கையில் உள்ள பொருள்களும் அங்கே சொல்லப்படுகின்றன. பௌத்த ஆசிரியரின் நகை இதில் கலந்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் அந்நகை பயன்பட வேண்டுமானால், அத்துறவியைக் கண்டமாத்திரத்தில் இன்னார் என அறியும் பழக்கம் கேட்போருக்கு இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறே, சமயவாதிகள் இளம்பெண்ணுக்குத் தம் கொள்கையை உரையார் என்பதனால் மணிமேகலை துறவி வடிவம் கொள்கிறாள். அவர்களின் கொள்கைகளைக் காட்டிலும், கற்றோர் அவைகளில் யாருக்கு இடம் இருந்தது என்பதை இச்செய்தி தெளிவாகத் தெரிவிக்கிறது.

ஆசீவகத்தை இவ்வழியில் சோதித்துப் பார்க்கலாம். மணிமேகலையின் ஆசீவகவாதி மற்கலியைத் தலைவனாகவும் நவகதிரை நூலாகவும் கூறி, நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களை விளக்குகிறான். நீலகேசியிலும், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார் பரபக்கத்திலும் ஆசீவகம் இடம்பெறுகிறது. பௌத்தர், சமணர், சைவர் ஆகிய முத்திறத்தாரும் தனித்தனியே கூறுவதால், தென்னாட்டு ஆசீவகக் கொள்கையை மீட்டெடுக்க ஏ.எல். பாஷம் 1951இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஒருங்கே பயன்படுத்தினார். கொள்கையளவில் இம்முறை வலுவுடையது. ஆனால் வாத நூல்கள் ஒன்றை ஒன்று தழுவி எழுதப்படுபவை. பரபக்கத்தில் ஒரு சமயம் மறுக்கப்படுவதனாலேயே அது 13ஆம் நூற்றாண்டில் வாழும் சமயமாக இருந்தது எனல் இயலாது. கொள்கையின் தொடர்ச்சி வேறு, அதனைக் கைக்கொண்ட மக்களின் தொடர்ச்சி வேறு. பின்னதற்கு நூலுக்குப் புறத்தே சான்று வேண்டும்.

புறச்சான்று இலக்கியத்தை எவ்வளவு திருத்தும் என்பதற்குக் கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டுகளே போதும். அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணருக்குச் சேரர் குடியினர் உறைவிடம் அமைத்துத் தந்ததைக் கூறுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையினர் அதில் குறிக்கப்பெறுகின்றனர். ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட அறிஞர் பலர் இவர்களைப் பதிற்றுப்பத்தின் சேரரோடு இயைத்துக் காண்பர். ஆனால் பதிற்றுப்பத்து, அந்தணர்க்கு அளித்த கொடையையும் வேள்வியையும் புகழ்கிறதேயன்றி, அமணர்க்குச் செய்த அறத்தைப் பாடவில்லை. புகழ்ப்பாடல் கூறாததைப் பாறை கூறுகிறது. இலக்கியத்தின் மௌனத்தை இன்மையாகக் கொள்வதில் உள்ள இடர் இதனால் புலப்படும்.

புகாரில் நிலைமை வேறு. மேலையூர்ப் பல்லவனீச்சுரம் அகழாய்வில் வெளிப்பட்ட பௌத்த விகாரையும் புத்தபாதமும், காவிரிப்பட்டினத்து விகாரையில் தங்கி நூலியற்றிய புத்ததத்தர் பற்றிய பாலி மரபும், அந்நகரில் பௌத்த சங்கம் இருந்ததை மணிமேகலையின் துணையின்றியே நிறுவுகின்றன. எனவே புகார்ப் பௌத்தத்தைப் பொறுத்தவரை காப்பியம் கூறுவது புறச்சான்றால் உறுதிபெறுகிறது. வஞ்சியின் பத்து வாதிகளுக்கு அத்தகைய உறுதி ஒரே அளவில் வாய்க்கவில்லை.

ஆகவே 27ஆம் காதையை ஆள்வோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் நலம்: இக்கொள்கையை ஆசிரியர் எந்நூற்கல்வியால் அறிந்தார்? எதிர்ச்சமயத்தார் நூலொன்று அதனைத் தன் சொந்தத் தேவைக்காகவும் குறிக்கிறதா? கல்வெட்டோ அகழாய்வோ அச்சமயத்தாரை ஓர் ஊரில் நிறுத்துகிறதா? முதல் வினாவுக்கு மட்டுமே விடை கிடைக்குமாயின், நாம் அறிவது தமிழ்ப் பௌத்தர் ஒருவரின் கல்விப் பரப்பை மட்டுமே. அவர் வாழ்ந்த நகரின் சமயப் பரப்பை அன்று.