மைக்ரான் சொல்வதும் சொல்லாததும்: பொன்னிறக் கடிகாரத்தின் மேற்பூச்சு

பல்யோத், ராக்கெட்டா போன்ற சோவியத் காலக் கைக்கடிகாரங்கள் பலவற்றின் கூட்டில் Au10 அல்லது Au20 என்று ஒரு சிறு முத்திரை காணப்படும். Au என்பது தங்கத்தின் வேதியியல் குறியீடு. அதையொட்டி வரும் எண், கூட்டின் மேல் படிந்துள்ள தங்க முலாமின் கனத்தை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், குறிக்கிறது. வெளித்தெரியும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு கூட்டில் 20 மைக்ரான் கனத்துக்கு முலாம் இட்டால், படிந்திருக்கும் உலோகத்தின் பருமன் 0.02 கன சென்டிமீட்டர். அது முழுவதும் சுத்தத் தங்கமாக இருந்தால் எடை ஏறத்தாழ 0.4 கிராம் வரும். முலாமுக்குப் பயன்படுவது பெரும்பாலும் பிற உலோகம் கலந்த தங்கம் என்பதால் உண்மை எடை அதற்கும் சற்றுக் குறைவே. ஆயினும், இந்தச் சிறு அளவுக்காகவே நல்ல நிலையில் இருந்த பழைய கடிகாரங்கள் பல உடைத்து உருக்கப்பட்டன என்பது வருந்தத்தக்கது.

முலாம் தேய்வதற்கு முதற்காரணம் தங்கத்தின் மென்மை. சட்டைக் கையின் உரசலும் வியர்வையோடு சேர்ந்த தூசியும் அதை அணுவணுவாக எடுத்துச் செல்கின்றன. எடுபட்டது திரும்புவதில்லை என்பதால், கனம் எத்தனை மடங்கோ ஆயுளும் கிட்டத்தட்ட அத்தனை மடங்காக அமைகிறது. மிக மெல்லிய முலாமுக்கு மற்றொரு குறையும் உண்டு. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மிகுந்திருப்பதால், வியர்வை அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள பித்தளையை அரிக்கத் தொடங்குகிறது. தேய்மானம் நிகழுமுன்பே கரும்புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். பித்தளைக்கும் தங்கத்துக்கும் இடையே நிக்கல் அடுக்கு ஒன்றை இடுவது, செம்பு மேலேறித் தங்கத்தின் நிறத்தைக் கெடுக்காமல் தடுப்பதற்கே.

தேய்மானம் எங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை. பட்டையைப் பிடிக்கும் கொம்புகளின் நுனி, சாவியை ஒட்டிய விளிம்பு, மணிக்கட்டைத் தொடும் அடிப்பக்கம் ஆகியவையே முதலில் வெளுக்கும். அங்கே வெண்மை தெரிந்தால் தேய்வு நிக்கல் வரை சென்றிருக்கிறது. செம்மஞ்சளும் பச்சைக் களிம்பும் தெரிந்தால் பித்தளையே வெளிப்பட்டுவிட்டது. நல்ல கனமுள்ள பழைய முலாமில் இந்த மாற்றம் படிப்படியாக, ஓரங்கள் மெல்ல மழுங்கியபடி நிகழ்வதில் ஓர் அழகு உண்டு. கூட்டின் மற்றப் பரப்பில் தங்கத்தின் சூடான மஞ்சள் குன்றாமலே நிற்கிறது.

பிவிடி எனப்படும் ஆவிப்படிவு முறை முற்றிலும் வேறானது. காற்று அகற்றப்பட்ட கலத்தில் டைட்டானியத்தை ஆவியாக்கி, உடன் செலுத்தப்படும் நைட்ரஜனோடு அது சேர்ந்து டைட்டானியம் நைட்ரைடாகக் கூட்டின் மேல் படியுமாறு செய்வதே இம்முறை. இச்சேர்மம் தங்கம் கலவாமலேயே மஞ்சளாக இருக்கிறது; நைட்ரஜனின் அளவு குறைந்தால் வெளிறியும் கூடினால் செம்மை ஏறியும் போவதால், சாயலை நிர்ணயிப்பதில் கலத்தை இயக்குபவரின் துல்லியத்துக்குப் பெரும் பங்குண்டு. படலத்தின் கனம் வழக்கமாக ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரையே. ஆயினும் கடினத்தில் அது தங்கக் கலவையைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்பதால், 20 மைக்ரான் முலாமைத் தேய்க்கும் அன்றாட உரசல் இதை எளிதில் தொடுவதில்லை. ஆகவே ஒன்றின் மைக்ரானை மற்றொன்றின் மைக்ரானோடு ஒப்பிடுவது பொருளற்றது.

டைட்டானியம் நைட்ரைடின் மஞ்சளில் தங்கத்தின் ஆழம் இல்லை. சற்றுக் குளிர்ந்த, பித்தளைச் சாயல் அதில் தென்படும். இதைச் சரிக்கட்ட, சில தயாரிப்பாளர்கள் அதன் மேல் மிக மெல்லிய உண்மைத் தங்கப் படலம் ஒன்றை இடுகின்றனர். அது தேய்ந்தாலும் அடியில் ஏறத்தாழ அதே நிறம் இருப்பதால் இழப்பு கண்ணை உறுத்துவதில்லை; இரு முறைகளையும் இணைத்த இந்தத் தீர்வு மிக நுட்பமானது.

பிவிடியின் எல்லை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. மென்மையான உலோகத்தின் மேல் அமர்ந்த கடினப் படலம், மெத்தையின் மேல் வைத்த கண்ணாடித் தகட்டைப் போன்றது: உரசலைத் தாங்கும், ஆனால் கதவுப்பிடியிலோ கல்லிலோ இடித்து அடியிலுள்ள உலோகம் அமுங்கும்போது விரிசல் விட்டுப் பெயரும். படலம் படியுமுன் கூட்டின் மேல் எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தாலும் இதே உதிர்வு நேரும். எஃகுக் கூட்டில் அந்தக் கீறல் வெள்ளிக்கோடாக நின்றுவிடும்; பித்தளைக் கூட்டில் அவ்விடத்திலிருந்து அரிப்பு பரவும். மெருகேற்றி அதை மறைக்க இயலாது, ஏனெனில் மெருகு படலத்தையே நீக்கும். முழுப் பூச்சையும் கரைத்தெடுத்துப் புதிதாக இடுவதே வழி. தங்க முலாமையோ வழக்கமான முலாம் பட்டறையிலேயே மீண்டும் இட்டுக்கொள்ளலாம்.

ஆதலால், நாள்தோறும் அணியும் கடிகாரத்துக்கு எஃகுக் கூட்டின் மேல் இட்ட பிவிடியே தகும். விழா நாள்களில் மட்டும் அணியும் கடிகாரத்துக்கு 20 மைக்ரான் முலாமின் நிறத்துக்கு ஈடில்லை. பழைய கடிகாரத்தை வாங்குவோர் முகப்பைப் பார்க்குமுன் அதைத் திருப்பி, கொம்புகளின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். வாங்கிய பின் மெருகுப் பசையை அதன் அருகிலேயே கொண்டுசெல்லக் கூடாது.