ஓவனுக்குள் ஒரு தோசைக்கல்

வெந்து வெளியே வந்த பீட்சா பேஸில் நான் முதலில் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். நல்ல தோசையின் அடி மாதிரி பொன்னிறமாக இருக்க வேண்டும், நடுநடுவே கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். நகத்தால் தட்டினால் அப்பளத்தைத் தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் எதிர்நுனி தொங்கக் கூடாது. கடிக்கும்போது மேல்தோல் நொறுங்கி, அதற்குள் ஒரு நூலளவு மிருது பல்லில் பட வேண்டும். கணியம்பாடியில், எங்கள் வீட்டுச் சாதாரண ஓடிஜியில், இது வருகிறது. வருவதற்கு நான் முதலில் விடவேண்டியிருந்தது நேப்பிள்ஸ் ஆசையை.

நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரியத் தயாரிப்பு என்ற சான்று கொடுத்தது. அதில் இருக்கிற விதிப்படி விறகு அடுப்பின் தரை ஏறத்தாழ 485 டிகிரியில் இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும், குழவி தொடவே கூடாது. அந்த வேகத்தில் மேல்தோல் சட்டென்று உலர்ந்து சிவக்கிறது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற நேரமில்லாமல் அப்படியே நின்றுவிடுகிறது. உப்பிய ஓரம் பஞ்சாக இருப்பதன் ரகசியம் இதுதான். நம் வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். மாவில் தண்ணீர் இருக்கிறவரை அந்த இடத்தின் சூடு நூறைத் தாண்டாது. நூறைத் தாண்டி நன்றாக ஏறினால்தான் நிறம் பிடிக்கும். 250 டிகிரியில் தடித்த, ஈரமான பேஸை வைத்தால், தோல் சிவப்பதற்குள் உள் ஈரமெல்லாம் மெல்ல மெல்லப் போய்விடும். வெளுத்த ரஸ்க் ஒன்று கையில் வரும், மெல்ல மெல்லத் தாடை வலிக்கும்.

ரோமில் வேறொரு வழக்கம் இருக்கிறது. அங்கே மாவில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, தண்ணீரைக் குறைத்து, குழவியால் மெல்லிசாகத் தேய்த்து மொறுமொறுவென்று சுடுகிறார்கள். மெல்லிசு என்றால் விரட்டவேண்டிய ஈரமே கொஞ்சம்தான். குறைந்த சூட்டுக்கும் அது கட்டுப்படும். பூரிக்கட்டை பழகிய கைக்கு இதைவிடப் பொருத்தமான பீட்சா கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் நூறு கிராம் மாவுக்கு 65, 70 கிராம் தண்ணீர் என்று இருக்கும். அது புரதம் மிகுந்த ரொட்டி மாவுக்கான கணக்கு. நம் கடை மைதா அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, பலகையில் ஒட்டிக்கொண்டு கிழியும். எனக்குச் சரியாக வருவது 300 கிராம் மைதாவுக்கு 170 கிராம் தண்ணீர். உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம், சர்க்கரை ஒரு சிட்டிகை தாராளமாக, செக்குக் கடலை எண்ணெய் இரண்டு டீஸ்பூன். ஆலிவ் எண்ணெய் இல்லையே என்று வருந்தியதில்லை. இந்தப் பக்கத்து வேர்க்கடலையின் வாசம் சுட்ட மைதாவோடு சேரும்போது தனி ருசி. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். டம்ளரில் அள்ளினால் மாவு ஒருநாள் அமுங்கும், ஒருநாள் பொலபொலவென்று இருக்கும். 20 கிராம் வித்தியாசம் வந்தாலே மாவின் குணம் மாறிவிடும். பிசைந்து முடித்த மாவு பூரி மாவைவிட இளக்கமாக, பரோட்டா மாவைத் தொடுகிற மாதிரி, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைக்கச் சொல்வது குளிர் தேசத்து யோசனை. மே மாதத்து வேலூர் வெயிலில் எங்கள் சமையலறையில் அப்படிச் செய்தால், இரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கி, புளித்து, அமர்ந்துவிடும். நான் ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசைகிறேன். அரைமணி வெளியே வைத்துவிட்டு நான்கு உருண்டைகளாகப் பிரித்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி மறுநாள் வரை ஃபிரிட்ஜில் வைக்கிறேன். அந்த ஒரு நாளில் மாவுக்குள் இருக்கிற மாச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறுகிறது. ஓவனில் நிறம் தருவது அதுதான். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையையும் தின்றுவிடும். தேய்க்கும்போது மாவு கிழிந்தாலும், வெந்த பேஸ் வெளுத்தே இருந்தாலும், புளிப்பு முந்திவிட்டது என்று அர்த்தம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நான் தேய்த்துக்கொண்டிருந்ததை ஒருமுறை அத்தை பார்த்தார். கட்டையை எடுத்தால் மாவு பழையபடி சுருங்கிக்கொண்டே இருந்தது. "அத்தோட ஏன்டா சண்ட போடற? ஈரத்துணி போட்டு கொஞ்ச நேரம் உடு" என்றார். சுருங்குகிற மாவை அழுத்தித் தேய்த்தால் நடுவில் ஓட்டையும் ஓரத்தில் தடிப்பும்தான் மிஞ்சும். இப்போது உருண்டையை முக்கால் மணி வெளியே வைத்து, பாதி அளவு தேய்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஒதுங்கிவிடுகிறேன். திரும்பி வந்தால் அதே மாவு கட்டைக்குக் கீழே தானாக ஓடுகிறது. பத்து அங்குல வட்டம், கனம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் விரல்களின் நிழல் லேசாகத் தெரியும். அந்தக் கனம் போதும். பூரி மாதிரி உப்பாமல் இருக்க முள்கரண்டியால் முழுக்கக் குத்திவிட வேண்டும். அடியில் தூவ மைதா வேண்டாம், அது கருகிக் கசக்கும். ஜவ்வாது மலைச் சாமையை ரவையாக உடைத்து வைத்திருக்கிறேன். ஒரு கரண்டி தூவினால் பேஸ் அதன்மேல் உருளைகளில் நகர்வதுபோல வழுக்குகிறது.

ஓவனோடு வருகிற அலுமினியத் தட்டு வேலைக்கு ஆகாது. மெல்லிய தகட்டில் தேங்கியிருக்கிற சூடு, மாவு பட்டதும் தீர்ந்துவிடும். சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகக் கொடுக்க ஒரு கனமான பொருள் வேண்டும். முதலில் கடப்பாக் கல் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் சூட்டில் அடுக்கடுக்காகப் பிளந்தது, அதை யாரும் முயல வேண்டாம். பிறகுதான் அடுப்படியில் கிடந்த கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல் கண்ணில் பட்டது. ஓவனின் நடுத்தட்டுக்கு ஒருபடி மேலே அதை வைத்து, மேல்கம்பி கீழ்கம்பி இரண்டையும் 250இல் போட்டு, 40 நிமிடம் காயவைக்கிறேன். ஓவனின் விளக்கு ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். அது காற்றின் சூடு, கல்லின் சூடு இல்லை. ஒரு சிட்டிகை மைதாவைக் கல்லில் போட்டால் சில நொடிகளில் சிவக்க வேண்டும். கோடை மாலைகளில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் கம்பியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அன்றைக்கு ஒரு மணி நேரமாவது காயவைக்க வேண்டும், அல்லது இரவு பத்துக்குமேல் சுட வேண்டும்.

பேஸைக் கவிழ்த்த தட்டின் முதுகில் ஏற்றி ஒரே இழுப்பில் கல்லில் சரியவிடுகிறேன். வெறும் பேஸாக இரண்டு நிமிடம். குத்தின புள்ளிகளுக்கு நடுவே சின்னக் கொப்புளங்கள் எழும். வெளியே எடுத்து, சுண்டவைத்த தக்காளியை மெல்லிசாகத் தடவி, சீஸ் தூவி மறுபடி நாலைந்து நிமிடம். தக்காளியை முதலிலேயே தடவினால் அதன் ஈரம் மாவுக்குள் இறங்கி நடுப்பகுதி வேகாமல் கொழகொழவென்று நிற்கும். கல் பழைய சூட்டுக்குத் திரும்பப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை அடுத்த பேஸை உள்ளே விடுவதில்லை.

நான்காவது உருண்டைக்குத் தக்காளியும் வேண்டாம், சீஸும் வேண்டாம். முழுதாகச் சுட்டு எடுத்து, நசுக்கிய பூண்டும் கல்லுப்புப் பொடியும் சேர்த்த கடலை எண்ணெயைச் சூடாகவே தடவி, கத்தி வைக்காமல் கையால் ஒடித்து ஆளுக்கு ஒரு துண்டு. அத்தை எப்போதும் காத்திருப்பது அதற்குத்தான்.