“போய்விடலாம்” என்றது யார்? ஒரு மாணவியின் ஆங்கிலச் சிறுகதையும் அதன் குறிகளும்



1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். புதியவர்களின் கதைகளை வாங்கி, திருத்தி, குறைநிறை சொல்லி எழுத்தாளர்களை உருவாக்கிய முயற்சி அது. அந்த வழியில் இங்கே ஒரு கதையைப் பார்க்கலாம். ஆனால், இது ஆங்கிலக் கதை.

எழுதியவர் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த படிவம் நான்கு மாணவி. சுமார் 240 சொற்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வருகிறது. அஞ்சடியில் பாட்டியும் அப்பாவும் பேசிக்கொள்கிறார்கள், பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. இலக்கணப் பிழை மிகக் குறைவு. ஆனாலும் உரையாடல் பகுதி முழுக்கச் சிவப்பு வட்டங்கள். “எதுக்கு வட்டம் போட்டிருக்காங்கன்னு புரியல டீச்சர்” என்று என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சிக்கலான பகுதியைத் தமிழாக்கித் தருகிறேன். குறிகளும் பத்தியும் அவர் இட்டபடியே உள்ளன. ஆங்கிலத்தில் இருந்த மாதிரியே மரியாதை விகுதியும் முறைச்சொல்லும் பேச்சுக்குள் வராமல் மொட்டையாக விட்டிருக்கிறேன்.

“கடிதம் வந்ததா”. கேட்டார் பாட்டி. “வந்தது”, அப்பா கடிதத்தை மடித்தார். “டிசம்பருக்குள் காலி செய்ய வேண்டும்.” “வாசலில் நட்ட மரம் இருக்கிறது.” “மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா”. சற்று நேரம் யாரும் பேசவில்லை. “சரி போய்விடலாம்”.

இப்போது நீங்களே சொல்லுங்க, கடைசியில் “போய்விடலாம்” என்றது யார்?

நான் அப்பா என்றுதான் படித்தேன். எப்படி என்றால், அப்பா கடிதத்தை மடித்தவுடன் ஒரு மேற்கோள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. ஆள் மாறிவிட்டது என்று நினைத்து, “டிசம்பருக்குள்” என்ற வரியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து எல்லாமே தலைகீழ். மரத்துக்காக வருந்துவது அப்பா, அவரை மடக்குவது பாட்டி, கடைசியில் இறங்கிவருவதும் அப்பா என்று ஆகிவிட்டது.

மாணவியிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “இல்ல டீச்சர், போகலாம்னு சொல்றது பாட்டி. அதுதான் டீச்சர் கதையே.”

உண்மைதான். வீட்டை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த பாட்டி வாயாலேயே அந்தச் சொல் வரும்போதுதான் கதை நிற்கிறது. அந்த ஒரு வரி ஆள்மாறிப் போனதற்குக் காரணம் குறிகளும் பத்தியும்தான்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் நடக்கிறது? தமிழில் பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என்று’ காட்டிவிடும். யார் பேசினார் என்பதைப் பேச்சே காட்டிவிடும். “வந்துச்சும்மா” என்றால் மகன் பேசுகிறான், “வந்துச்சாடா” என்றால் தாய் கேட்கிறாள். மேற்கோள் குறியே இல்லாவிட்டாலும் குழப்பம் வராது. ஆங்கிலத்துக்குப் போனதும் ‘என்று’ இல்லை, ‘ம்மா’வும் ‘டா’வும் உதிர்ந்துவிடுகின்றன. அவை செய்த வேலையை அங்கே குறிகளும் பத்தியும்தான் செய்ய வேண்டும். மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பேச்சு முடியும் இடம். ஆங்கிலத்தில் பேச்சும் ‘சொன்னார்’ என்பதும் சேர்ந்து ஒரே வாக்கியம். அதனால் நடுவில் முற்றுப்புள்ளி வரக்கூடாது. பேச்சின் இறுதியில் காற்புள்ளி, அதுவும் மேற்கோள் குறிக்கு உள்ளே. கேள்வியாக இருந்தால் காற்புள்ளிக்குப் பதிலாக வினாக்குறி, அதுவும் உள்ளே. வாக்கியம் இன்னும் முடியாததால், அடுத்து வரும் ‘ஷீ செட்’ என்பதில் முதலெழுத்து சிறிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. வினாக்குறியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து மாணவர்கள் பெரிய எழுத்தைப் போடுவது அதனால்தான். மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்பது பிழை இல்லை. இரண்டும் வழக்கில் உண்டு. கதை முழுக்க ஒன்றாக இருந்தால் போதும்.

இரண்டாவது, செயலும் பேச்சும் கலக்கும் இடம். “வந்தது”, அப்பா கடிதத்தை மடித்தார் என்று காற்புள்ளி போட்டால், மடிப்பதும் ஒருவகைப் பேச்சு என்றாகிவிடும். ஒரு சோதனை சொல்கிறேன்: அந்த வினையால் ஒரு சொல்லை உச்சரிக்க முடியுமா? முணுமுணுக்கலாம், கத்தலாம், கேட்கலாம். அவற்றுக்குக் காற்புள்ளி. மடித்தோ, தலையாட்டியோ, எழுந்து நின்றோ ஒரு சொல்லை உச்சரிக்க முடியாது. அங்கே பேச்சு முற்றுப்புள்ளியோடு முடியும், செயல் பெரிய எழுத்தில் புது வாக்கியமாகத் தொடங்கும்.

மூன்றாவது, பத்தி. பேசுபவர் மாறினால் புதுப் பத்தி. ஒரே சொல்லைப் பேசினாலும் அப்படித்தான். இதை நம் மாணவர்கள் பலர் அறிவார்கள், ஆனால் அளவுக்கு மீறிச் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் புதுவரி போடுவார்கள். அது தவறு. அப்பா பேசி, கடிதத்தை மடித்து, மறுபடியும் பேசினால் மூன்றும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். பேசியவருடைய செயல் அவருடைய பேச்சோடுதான் குடியிருக்கும்.

திருத்திய வடிவம் இது:

“கடிதம் வந்ததா?” கேட்டார் பாட்டி.

“வந்தது.” அப்பா கடிதத்தை மடித்தார். “டிசம்பருக்குள் காலி செய்ய வேண்டும்.”

“வாசலில் நட்ட மரம் இருக்கிறது.”

“மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?”

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

“சரி, போய்விடலாம்,” சொன்னார் பாட்டி.

ஒரு சொல்லும் மாறவில்லை, கடைசியில் ‘சொன்னார் பாட்டி’ மட்டும் சேர்ந்திருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு வரிகளுக்குப் பெயர் தேவையில்லை. இருவர் மட்டுமே பேசுவதால் பத்தி மாறும்போதே ஆளும் மாறுவது தெரிகிறது. ஆனால், மௌனத்துக்குப் பிறகு அந்த வரிசை அறுந்துபோகிறது. யார் முதலில் வாய் திறந்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மாணவி இதைத் தானாகவே கண்டுபிடித்தார். மூன்றாவதாகப் பேத்தியும் பேசத் தொடங்கினால் பத்தி மட்டும் போதாது. அப்போது அடிக்கடி பெயர் சொல்ல வேண்டிவரும்.

தேர்வைப் பொறுத்தவரை, எஸ்.பி.எம். ஆங்கிலம் 1119/2 தாளின் மூன்றாம் பகுதியில் கதை ஒரு தெரிவு. 200 முதல் 250 சொற்கள். உள்ளடக்கம், தொடர்பாடல், ஒழுங்கமைப்பு, மொழி என்ற நான்குக்கும் தலா 5 புள்ளிகள். உரையாடல் ஒரே பத்தியில் அடைந்துகிடந்தால் ஒழுங்கமைப்பில் அடி விழும். அதோடு, படிப்பவருக்கு ஆள் குழம்பினால் உள்ளடக்கமும் சரியாகப் போய்ச்சேராது. 250 சொல்லுக்குள் ஆறேழு வரி உரையாடல் போதும். இந்த மாணவி அந்த அளவைச் சரியாகவே வைத்திருக்கிறார். மரத்தைக் காட்டி வீட்டைச் சொன்னதும் அவருடைய திறமைதான்.

வகுப்பில் செய்ய ஒரு வழி: இரண்டு வண்ணப் பென்சில் எடுங்கள். பாட்டி பேசுவதை ஒரு வண்ணத்திலும், அப்பா பேசுவதை இன்னொரு வண்ணத்திலும் எழுதியவரே அடிக்கோடிட வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு வண்ணம் இருந்தால் அதை உடைக்க வேண்டும். அடுத்தடுத்த இரு பத்திகளில் ஒரே வண்ணம் இருந்தால் சேர்க்க வேண்டும், அல்லது பெயர் சொல்ல வேண்டும். பிறகு வண்ணமில்லாத பிரதியைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் யாருடையது என்று கேளுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். திருத்திய பிரதியைப் படித்த தோழி கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். “ஐயோ, பாட்டியே சொல்லிட்டாங்களா?” என்றார்.